வரைபடத்தில் பக்கத்தில், சாலையில் நூறு கிலோமீட்டர்: மூணாறு ஸ்கிரீன்ஷாட்டை நாள்வாரிப் பயணமாக்கும்போது வரும் சிக்கல்கள்

மூணாறுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஊர்ப் பெயர்களை எழுதி அனுப்புவதில்லை. கூகுள் மேப்ஸில் பிடித்த இடங்களைச் சேமித்துவைத்து, அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்பில் தள்ளிவிட்டு, "அண்ணா, இதை மூணு நாளுக்குப் பிரிச்சுக் கொடுங்க" என்கிறார்கள். படத்தில் இடங்கள் பின்களாக, அதாவது குத்திவைத்த குறிகளாக இருக்கும். ஆனால் எந்தச் சாலை எங்கே முடிகிறது, எந்த மலைக்குக் குறுக்கே வழி கிடையாது என்பதெல்லாம் அந்த அளவுப் படத்தில் தெரியாது. மதுரையையோ திருப்பூரையோ பிரித்துப்போட்டால் பெரிதாக ஒன்றும் கெடாது. இங்கே கெடும். அப்படிப் பிரிக்கும்போது வருகிற சிக்கல்களை, கண்ணில் படுகிற அறிகுறியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## அறிகுறி: பின் இருக்கிறது, பெயர் இல்லை

படத்தைத் தூரத்திலிருந்து எடுத்திருந்தால் இப்படித்தான் வரும். இடங்கள் நெருங்கி இருக்கும்போது ஆப் பெயர்களை மறைத்துவிடும். மாட்டுப்பட்டியும் எக்கோ பாயிண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே பின்னாகத் தெரிவதும் உண்டு. அதனால் எண்ணிக்கையிலேயே பிசகு வரும். முதலில், எத்தனை இடம் சேமித்தீர்கள் என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். அவர் 14 என்று சொல்லி, படத்தில் 12 எண்ண முடிந்தால், இரண்டு எங்கோ ஒளிந்திருக்கின்றன.

இன்னொரு தொல்லை, பின்னுக்குப் பக்கத்தில் தெரிகிற பெயர் அந்தப் பின்னுடையதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பக்கத்து ரிசார்ட்டின் பெயராக இருக்கலாம். சேமித்த இடத்துக்குத் தனி அடையாளம் உண்டு: பிடித்தவை என்றால் இதயம், போக விரும்புபவை என்றால் பச்சைக் கொடி, நட்சத்திரமிட்டவை என்றால் மஞ்சள் நட்சத்திரம். இந்த அடையாளம் ஒட்டாத பெயரைப் பட்டியலில் ஏற்றாதீர்கள். படத்திலிருந்து எழுத்தை உருவியெடுக்கும் வசதி போனில் இருக்கிறதே என்று நம்பி இறங்கினால், ரிசார்ட்டும் ஏடிஎம்மும் கலந்துதான் வரும். மலையாளத்தில் விழுந்திருக்கும் பெயர்களை யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் சுருக்கு வழி, பட்டியலின் இணைப்பையே கேட்டு வாங்குவது. அனுப்பியவர் அந்தப் பட்டியலைத் திறந்து பகிர்வைத் தட்டினால் போதும், பெயரோடு எல்லாம் வந்துவிடும். அவருக்கு அது பிடிபடவில்லை என்றால், நாலு இடத்தில் பெரிதாக்கி நாலு படம் அனுப்பச் சொல்லுங்கள்.

படம் திரும்பியிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வரைபடத்தைத் திருப்பியிருந்தால் மட்டும்தான் திரையில் திசைகாட்டி தலைகாட்டும். நேராக இருக்கிற படத்தில் மூணாறுக்கு வடகிழக்கே மறையூர், நேர் கிழக்கே டாப் ஸ்டேஷன், தென்கிழக்கே போடிமெட்டு, தென்மேற்கே அடிமாலி. இந்த நாலும் பொருந்தினால் படம் சரி.

## அறிகுறி: படத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு இடத்துக்கு ஆப் மூன்று நான்கு மணி நேரம் காட்டுகிறது

எங்கள் மலையில் நாளைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். ஆப் தப்பாகக் காட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியாகத்தான் காட்டுகிறது.

காந்தலூரையும் வட்டவடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் காய்கறி விளையும் மலையூர்கள், இரண்டும் இடுக்கி மாவட்டம்தான். நேர்க்கோட்டில் அளந்தால் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டு பின்னும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஆனால் நடுவில் காடும் பள்ளத்தாக்கும் கிடக்கின்றன, கார் ஓட்டிப்போகத் தக்க சாலை கிடையாது. காந்தலூரிலிருந்து மறையூருக்கு இறங்கி, அங்கிருந்து 40 கிலோமீட்டர் மூணாறு வந்து, மறுபடி டாப் ஸ்டேஷன் வழியாக 45 கிலோமீட்டர் போனால்தான் வட்டவடை. மொத்தம் நூறு கிலோமீட்டர் பக்கம் வரும். காலையில் காந்தலூரில் ஆப்பிள் தோட்டம், மதியம் வட்டவடையில் பூண்டு வயல் என்று போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு அன்றைய பகல் முழுக்க காருக்குள்தான்.

கொழுக்குமலையும் டாப் ஸ்டேஷனும் இதே கதைதான். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது அடுத்த முகடு மாதிரி இருக்கும். கொழுக்குமலைக்கு ஏறும் வழியோ சூரியநெல்லியிலிருந்து ஜீப் பாதை மட்டும். டாப் ஸ்டேஷனிலிருந்து அங்கே போக மூணாறுக்குத் திரும்பி வந்து, தேவிகுளம் தாண்டி, சின்னக்கானல் போய், அப்புறம் ஜீப் பிடிக்க வேண்டும். கொடைக்கானலும் அப்படியே. டாப் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு பழைய சாலை இருந்தது உண்மை. இப்போது அது காட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. தேனிப் பக்கம் இறங்கி மறுபடி மலையேற அரை நாளாவது ஆகும்.

இதற்கு என்ன காரணம் என்றால், மூணாறின் சாலைகள் விரித்த கை மாதிரி. விரல் நுனிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும், ஆனால் ஒரு நுனியிலிருந்து மற்றதுக்குப் போக உள்ளங்கைக்கு வந்துதான் ஆகவேண்டும். இங்கே உள்ளங்கை மூணாறு டவுன். அதனால் 'பக்கம்' என்பதைப் படத்தில் அளக்காதீர்கள். மூணாறிலிருந்து எந்தச் சாலையில் கிளம்பினால் அந்த இடம் வரும் என்று மட்டும் பாருங்கள். ஒரே சாலையில் இருப்பவை ஒரு கூட்டம். வேறு சாலை என்றால், படத்தில் ஒட்டியே இருந்தாலும் வேறு கூட்டம்.

பெரும்பாலான பின்கள் இந்த நாலு சாலையில் ஒன்றில் விழுந்துவிடும்:

உடுமலை சாலையில் ராஜமலை என்கிற இரவிகுளம் தேசியப் பூங்கா, லக்கம் அருவி, மறையூர், சின்னார். காந்தலூர் மறையூரிலிருந்து பிரிகிற கிளை.

டாப் ஸ்டேஷன் சாலையில் மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டலா அணை, டாப் ஸ்டேஷன், கடைசியில் வட்டவடை.

தேனி சாலையில் தேவிகுளம், கேப் ரோடு, ஆனையிறங்கல் அணை, பூப்பாறை, போடிமெட்டு. சின்னக்கானலும் சூரியநெல்லியும், அதன் வழியாகக் கொழுக்குமலையும் இந்தப் பக்கத்துக் கணக்கு.

அடிமாலி சாலையில் பள்ளிவாசல், ஆட்டுக்கல் அருவி. இந்தப் பக்கம் கொச்சியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் முக்கியம், தமிழ்நாட்டுக்காரர்கள் பட்டியலில் அதிகம் இருக்காது.

ஏதாவது ஒரு இடம் எந்தச் சாலை என்று சந்தேகமா? மூணாறு டவுனிலிருந்து அந்த இடத்துக்கு வழி போட்டு, நீலக்கோடு டவுனை விட்டு முதலில் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பாருங்கள். கடைசி வளைவெல்லாம் பார்க்க வேண்டாம்.

## திருப்பூர்க் குடும்பம் ஒன்றின் படம்

அனுப்பியது ஒரு திருப்பூர்க் குடும்பம். நாலு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், சொந்த வண்டி. வெள்ளிக் காலை உடுமலை வழியாக ஏறி வந்து, ஞாயிறு சாயங்காலம் போடி வழியாக இறங்கி மதுரையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போகவேண்டும். மூன்று நாள், 14 பின்: சின்னார், மறையூர் முனியறை, காந்தலூர், லக்கம் அருவி, ராஜமலை, தேயிலை அருங்காட்சியகம், மாட்டுப்பட்டி, எக்கோ பாயிண்ட், குண்டலா, டாப் ஸ்டேஷன், வட்டவடை, கேப் ரோடு, ஆனையிறங்கல், கொழுக்குமலை.

படத்தைப் பார்த்து அவர்கள் போட்டிருந்த திட்டம்: முதல் நாள் மூணாறைச் சுற்றி, இரண்டாம் நாள் காந்தலூர், வட்டவடை, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை, மூன்றாம் நாள் மீதி. இரண்டாம் நாளைப் பார்த்தாலே தெரியும், வலது ஓரத்தில் கூட்டமாக நின்ற நாலு பின்னையும் ஒரே வட்டத்தில் அடைத்திருக்கிறார்கள். அந்த நாலும் மூன்று வெவ்வேறு சாலைகளின் நுனி.

சாலைவாரியாகப் பிரித்தால் உடுமலை சாலையில் ஐந்து, டாப் ஸ்டேஷன் சாலையில் ஐந்து, தேனி சாலையில் மூன்று, டவுனை ஒட்டி அருங்காட்சியகம் ஒன்று. அடுத்து, வந்து நுழைகிற சாலையும் திரும்பிப் போகிற சாலையும் எவை என்று பார்க்க வேண்டும். இவர்கள் விஷயத்தில் அது வசதியாகவே அமைந்திருந்தது. உடுமலை சாலையில் நுழைகிறார்கள், தேனி சாலையில் வெளியேறுகிறார்கள். அந்த இரண்டு சாலையும் ஒருமுறை போனால் போதும், திரும்பி வருகிற வேலை இல்லை. டாப் ஸ்டேஷன் சாலை ஒன்றுதான் போய்த் திரும்பவேண்டியது.

ஆகவே வெள்ளிக்கிழமை சின்னார், மறையூர் முனியறை, அப்புறம் காந்தலூர், இரவு அங்கேயே தங்கல். முதல் இரவையும் மூணாறிலேயே போட்டால் காந்தலூருக்காக மறுநாள் 55 கிலோமீட்டர் திரும்பிப் போகவேண்டி வந்திருக்கும். சனிக்கிழமை காலையில் கிளம்பி லக்கம் அருவி, ராஜமலை, மாலையில் அருங்காட்சியகம், இரவு மூணாறு. ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பி நேரே டாப் ஸ்டேஷன், திரும்பும்போது குண்டலா, எக்கோ பாயிண்ட், மாட்டுப்பட்டி, மதியச் சாப்பாட்டுக்கு மூணாறு, அதற்குப் பிறகு கேப் ரோடு, ஆனையிறங்கல், வெளிச்சம் இருக்கும்போதே போடிமெட்டு.

14-ல் 12 இடம் அடங்கிவிட்டன. வட்டவடையையும் கொழுக்குமலையையும் எடுத்துவிடச் சொன்னேன். வட்டவடை டாப் ஸ்டேஷனிலிருந்து இன்னும் 13 கிலோமீட்டர், பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் புகுந்து போகிற சாலை. போய் வந்தால் ஞாயிறு மதியம் காலி. அங்கே பார்ப்பது படிவயல்கள்தான், அதைக் காந்தலூரிலேயே ஒரு இரவு தங்கிப் பார்த்தாயிற்று. கொழுக்குமலைக்கு விடியுமுன் சூரியநெல்லியில் ஜீப் ஏறவேண்டும். மூணாறில் படுத்துக்கொண்டு அதைச் செய்வது வீண் அலைச்சல். நாலாவது நாள் கிடைத்திருந்தால் ஞாயிறு இரவு சூரியநெல்லியில் தங்கி, திங்கள் விடியலில் ஏறி இறங்கி, அப்படியே போடிமெட்டு போயிருக்கலாம். பிள்ளைகளுக்கு ஜீப் போச்சே என்று வருத்தம்.

## அறிகுறி: கூட்டம் சரியாகப் பிரிந்தது, ஆனால் நாளுக்குள் முடியவில்லை

பெரும்பாலும் இது தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போட்டதால் வருவது. சமவெளியில் 40 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேரம். மறையூரிலிருந்து மூணாறுக்கு அதே 40, ஒன்றரை மணி நேரம் வையுங்கள். எங்கள் பக்கம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று போட்டால் பெரிதாகத் தப்பாது. பிள்ளைகளுக்கு வயிறு புரட்டும், வழியில் கேரட் வாங்க நிற்பீர்கள், இதெல்லாம் அந்த 25-க்குள் அடங்கும். விடுமுறை நாளில் மூணாறு டவுனைக் கடக்கிற நேரம் அடங்காது. அதனால்தான் ஒரே நாளில் டவுனை இரண்டு தடவைக்கு மேல் கடக்கிற திட்டத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு இடத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் பின் சொல்லாது. எக்கோ பாயிண்டும் ராஜமலையும் படத்தில் ஒரே அளவுப் புள்ளி. எக்கோ பாயிண்டில் கூப்பாடு போட்டுவிட்டு ஒரு டீ குடித்தால் முடிந்தது. ராஜமலையில் உங்கள் வண்டியை மேலே விடமாட்டார்கள், வனத்துறைப் பேருந்துக்கு வரிசையில் நின்று ஏறிப்போய், நடந்து, வரையாட்டைப் பார்த்துவிட்டு, திரும்பவும் பேருந்துக்கு நிற்கவேண்டும். அரை நாள் ஒதுக்குங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுவது நல்லது.

பூட்டிக் கிடக்கும் இடத்துக்கு நாளை ஒதுக்கிவிடுவதும் உண்டு. இரவிகுளத்தை வரையாடு குட்டிபோடும் காலத்தில் மூடிவிடுவார்கள், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். அந்தச் சமயத்தில் வருகிறீர்கள் என்றால் அந்தப் பின்னை முதலிலேயே எடுத்துவிடுங்கள், உடுமலை சாலை நாள் தானாகத் தளர்ந்துவிடும். தேயிலை அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. வட்டவடைப் பக்கம் போவதானால் வனச் சோதனைச் சாவடியில் எத்தனை மணிவரை விடுவார்கள் என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஒரு பின் எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை

எல்லாம் நாலு சாலையில் உட்கார்ந்துவிட்ட பிறகு ஒன்று மட்டும் தனியாக நின்றால், முதலில் பெயரைச் சந்தேகப்படுங்கள். வட்டவடை என்று தேடத் தொடங்கி, பாதியில் வந்த பரிந்துரையைத் தட்டி, கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலைச் சேமித்திருப்பார்கள். சின்னார் என்ற பெயரும் இடுக்கியில் ஒன்றுக்கு மேல் உண்டு. உடுமலை சாலையில் இருப்பது சின்னார் வனவிலங்குச் சரணாலயம். அந்த முழுப் பெயரையும் போட்டுத் தேடினால்தான் சரியாக விழும்.

பெயர் சரியாகவே இருந்து, இடம்தான் ஒதுக்குப்புறம் என்றால் (தேக்கடியைப் பலர் இப்படிச் சேர்த்திருப்பார்கள்), அதை எந்த நாளிலும் திணிக்காதீர்கள். மூணாறிலிருந்து தேக்கடி 90 கிலோமீட்டருக்குக் குறையாது. அது தனி இரவு கேட்கிற இடம்.

## அறிகுறி: இடங்களைக் கொடுத்தால் ஆப் முன்னும் பின்னுமாக ஓடவிடுகிறது

கூகுள் மேப்ஸ் நீங்கள் கொடுத்த வரிசையிலேயே வழி போடும். எது முதலில், எது அடுத்து என்று அதுவாக அடுக்கித் தராது. மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன், எக்கோ பாயிண்ட், வட்டவடை என்று கொடுத்தால் அப்படியே முன்னும் பின்னும் ஓட்டும். இடங்களைப் பிடித்து மேலும் கீழும் இழுத்து நீங்கள்தான் மாற்றவேண்டும்.

போய்த் திரும்புகிற சாலையில் என் வழக்கம், தூரத்து இடத்துக்கு முதலில் போவது. டாப் ஸ்டேஷனில் காலையில்தான் பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும், நேரம் ஏற ஏற மூடுபனி வந்து அடைத்துவிடும். மாட்டுப்பட்டி அணைக்கு மூடுபனியால் ஒன்றும் நஷ்டமில்லை. அதோடு நேரம் இழுத்துக்கொண்டாலும் கடைசியில் விடுபடுவது டவுனுக்குப் பக்கத்து இடமாக இருக்கும்.

ஒரு நாளுக்கு ஒரு இணைப்பு என்று செய்துவிட்டால் ஓட்டுநருக்கு அனுப்ப வசதி. இடங்களைச் சாய்கோட்டால் பிரித்து, பெயருக்குள் வருகிற இடைவெளிக்குக் கூட்டல் குறி போடுங்கள்:

```
https://www.google.com/maps/dir/Munnar/Top+Station/Kundala+Dam/Echo+Point+Munnar/Mattupetty+Dam/Munnar
```

எக்கோ பாயிண்டோடு மூணாறு என்று ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பெயரில் ஊருக்கு ஊர் ஒன்று இருக்கிறது. இணைப்பைத் திறந்ததும் கோடு மூணாறிலிருந்து கிழக்கே போய் அதே சாலையில் திரும்புகிறதா என்று பாருங்கள். வேறெங்காவது ஒரு முளை நீட்டியிருந்தால் ஏதோ ஒரு பெயர் வேறு ஊருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, வரைபடத்தில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் வருகிற எண்களைப் பெயருக்குப் பதிலாகப் போடுங்கள்.

தொடங்கும் இடத்தை விட்டு ஒன்பது இடம்வரைதான் ஒரு வழியில் சேர்க்கலாம். அதற்குமேல் போகிறது என்றால் அது ஒரு நாளுக்கான பட்டியலே இல்லை.

வட்டவடை, சின்னார்ப் பக்கம் காட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். இரவு தங்குகிற இடத்து வைஃபையிலேயே அந்தப் பகுதி வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவைத்துவிடுங்கள். இறக்கும்போது வருகிற சதுரத்தை வடக்கே சின்னார், தென்கிழக்கே போடிமெட்டு, மேற்கே அடிமாலி மூன்றும் உள்ளே விழும்படி இழுத்துவிட்டால் நாலு சாலையும் உள்ளே வந்துவிடும்.